பாப்பா எங்கிருந்து வந்தது?

(வாசிப்பு வட்டத்தில் பேசிய பேச்சு)



இன்றைக்குப் பேசப் போவது ஒரு சின்னக் கேள்வியைப் பற்றி. எல்லா வீட்டுக் குழந்தையும் ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்கும். மூன்று வயதிலும் கேட்கும், ஐந்து வயதிலும் கேட்கும். "பாப்பா எங்கேருந்து வருது?" என்பதுதான் அந்தக் கேள்வி.

கேட்டதும் பெரியவர்கள் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம். "போய் விளையாடு" என்கிறோம். இல்லை என்றால் ஒரு பொய் சொல்கிறோம். அந்தப் பொய் என்ன செய்கிறது, அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம், எந்த வயதுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று பார்ப்போம்.

ஒரு வீட்டில் நடப்பது

சூளூர்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா ரயில் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மாவுக்கு ஏழாவது மாதம். போன வாரம்தான் வளைகாப்பு நடந்தது. வீட்டில் ஆயா இருக்கிறாள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அங்கன்வாடிக்குப் போகிறாள்.

வளைகாப்பு அன்று வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்து, "உனக்குத் தம்பிப் பாப்பா வரப் போறான்" என்றார்கள். அவள் ஆயாவிடம் போய்க் கேட்டாள்.

"ஆயா, பாப்பா எங்கேருந்து வரும்?"

"ஆஸ்பத்திரியில காசு குடுத்து வாங்கியாருவோம்" என்றாள் ஆயா.

ஆயா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கும் அவள் அம்மா அப்படித்தான் சொன்னாள். ஆனால் குழந்தை அதை அப்படியே நம்பினாள். இரண்டு நாள் கழித்து அப்பாவிடம் கேட்டாள்.

"நைனா, பாப்பா எவ்ளோ ரூபா?"

அடுத்த நாள், "பாப்பா அழுதா திருப்பிக் குடுத்துடலாமா?" என்றாள். அதற்கும் அடுத்த நாள் கேட்டதுதான் முக்கியமானது. "என்னையும் வாங்குனீங்களா? நான் சேட்டை பண்ணா என்னையும் திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

கவனியுங்கள். பெரியவர்களுக்கு அது ஒரு விளையாட்டுப் பேச்சு. குழந்தைக்கு அது கணக்கு. வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அவள் சரியாகத்தான் யோசித்தாள். அவளுக்குக் கொடுத்த பதில்தான் தப்பு.

"வயித்தைக் கிழிச்சு எடுப்பாங்க" என்று சில வீடுகளில் சொல்வார்கள். அந்தக் குழந்தை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவே பயப்படும். அம்மா செத்துப் போவாள் என்று நினைக்கும். வெளியே சொல்லாது. ராத்திரியில் படுக்கையை நனைக்கும். அம்மாவின் முந்தானையை விடாது.

"சாமி குடுத்தது" என்று சொல்லும் வீடுகளும் உண்டு. செங்காளம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த குழந்தைகள் இந்த ஊரில் பல பேர் உண்டு. அந்த நம்பிக்கையை யாரும் விட வேண்டாம். ஆனால் குழந்தை கேட்பது யார் கொடுத்தது என்று இல்லை. எந்த இடத்தில் இருந்து வருகிறது என்றுதான் கேட்கிறது. "சாமி குடுத்தது. அம்மா உடம்புக்குள்ள வளருது" என்று சேர்த்துச் சொன்னால் இரண்டும் சரியாகிவிடும்.

குழந்தை என்ன கேட்கிறது?

அமெரிக்காவில் அன் பெர்ன்ஸ்டைன், பிலிப் கோவன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 60 குழந்தைகளிடம் பேசினார்கள். மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைகள் அவர்கள். அம்மா அப்பாவுக்குப் பாப்பா எப்படி வருகிறது என்று கேட்டார்கள். 1975ஆம் ஆண்டு அந்த ஆய்வு வெளிவந்தது.

அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு, ஒன்றுமே இல்லாத இடத்தில் புதிதாக ஓர் உயிர் உண்டாகும் என்ற எண்ணமே வருவதில்லை. பாப்பா எப்போதும் எங்கேயோ இருந்தது, அங்கிருந்து இங்கே வந்தது என்றுதான் அது நினைக்கிறது. அதனால்தான் "எங்கேருந்து" என்று கேட்கிறது. அது ஊர் பேர் கேட்பது போல ஓர் இடத்தைக் கேட்கிறது. கொஞ்சம் வளர்ந்த பிறகு, பொம்மை செய்வது போலப் பாப்பாவையும் யாரோ செய்கிறார்கள் என்று நினைக்கிறது. இன்னும் வளர்ந்த பிறகுதான் அப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு என்பது அதற்குப் புரிகிறது.

இதிலிருந்து பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சின்னக் குழந்தை கேட்பது, பெரியவர்கள் பயப்படும் விஷயம் இல்லை. கேள்வி காதில் விழுந்ததும் பெரியவர்களுக்குப் படுக்கை அறை ஞாபகம் வருகிறது. குழந்தைக்கு அந்த ஞாபகமே இல்லை. அது கேட்பது ஓர் இடத்தின் பேர். அந்தப் பேரைச் சொன்னால் போதும்.

முதலில் திருப்பிக் கேட்க வேண்டும்

அந்த வீட்டுக்கே திரும்பிப் போவோம். "என்னையும் திருப்பிக் குடுத்துடுவீங்களா?" என்று குழந்தை கேட்டதும், அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உடனே பாடம் நடத்தவில்லை. முதலில் திருப்பிக் கேட்டாள்.

"பாப்பா இப்போ எங்க இருக்குன்னு உனக்குத் தோணுது, கண்ணு?"

"ஆஸ்பத்திரியில. அலமாரியில."

"இல்லடா. உன்னை நாங்க வாங்கல. பாப்பாவையும் வாங்கல. பாப்பா இதோ, அம்மா உடம்புக்குள்ள இருக்குது. நீயும் இங்கதான் இருந்தே."

இவ்வளவுதான் அம்மா சொன்னது. சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். குழந்தை அம்மாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே பாப்பா அசைந்தது. ஐந்தாவது மாதத்தில் இருந்தே பாப்பா அசைவது அம்மாவுக்குத் தெரியும். ஏழாவது மாதத்தில் வெளியே கை வைத்தாலும் தெரியும். குழந்தை சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இங்கே மூன்று காரியம் நடந்தது. முதலில் குழந்தையின் மனதில் என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு கேட்டதற்கு மட்டும் இரண்டு மூன்று சின்ன வாக்கியத்தில் உண்மையைச் சொன்னாள். அதற்குப் பிறகு நிறுத்திக்கொண்டாள். குழந்தைக்குப் போதும் என்றால் ஓடிவிடும். போதாது என்றால் அடுத்த கேள்வி கேட்கும். எவ்வளவு சொல்வது என்பதைக் குழந்தையே காட்டும்.

"வயிறு" என்ற சொல்

அன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். குழந்தை திடீரென்று அழுதாள்.

"சாப்பிடாத அம்மா! ரசம் சுடும். பாப்பா தலையில ஊத்தும்!"

ஏன் இப்படிச் சொன்னாள்? பகலில் அம்மா "உடம்புக்குள்ள" என்றுதான் சொன்னாள். ஆனால் வளைகாப்புக்கு வந்தவர்கள் "வயித்துல பாப்பா" என்று சொன்னார்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். சோறு போகும் இடமும் வயிறு, பாப்பா இருக்கும் இடமும் வயிறு என்றால், குழந்தை இரண்டையும் ஒன்று என்று நினைக்கும். இதனால் இன்னொரு பயமும் வரும். பாப்பா வேண்டும் என்றால் எதையோ விழுங்க வேண்டும் என்று நினைக்கும். புளியங்கொட்டையை விழுங்கிவிட்டு, தன் வயிற்றிலும் ஏதோ வளரும் என்று பயப்படும்.

உண்மை என்ன? சாப்பாடு போகும் இரைப்பை மேலே, விலா எலும்புக்குக் கீழே, இடது பக்கமாக இருக்கிறது. பாப்பா வளரும் பை கீழே, தொப்புளுக்கும் கீழே இருக்கிறது. அதன் பேர் கருப்பை. சாதாரண நாளில் அது அம்மாவின் மூடிய கையளவுதான் இருக்கும். பாப்பா வளர வளர அதுவும் விரியும். பாப்பா பிறந்த பிறகு சில வாரங்களில் மறுபடியும் சுருங்கிவிடும்.

அம்மா இதை இப்படிச் சொன்னாள். "சோறு போற பை வேற கண்ணு. அது மேல இருக்குது. பாப்பாவுக்குன்னு கீழ தனிப் பை இருக்குது. அதுக்குப் பேரு கருப்பை. அங்க ரசம் போகாது."

"கருப்பை" என்ற சொல் குழந்தைக்குக் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். "ஸ்ரீஹரிகோட்டா" என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்குக் "கருப்பை" என்றும் சொல்லத் தெரியும்.

பாப்பா எப்படிச் சாப்பிடும்?

பாப்பாவுக்குச் சோறு போகாது என்றதும் அடுத்த கேள்வி வந்தது. "அப்போ அதுக்குப் பசிக்காதா?"

இதற்குப் பதில் குழந்தையின் உடம்பிலேயே இருக்கிறது. அம்மா அவள் சட்டையைத் தூக்கித் தொப்புளைத் தொட்டுக் காட்டினாள். "நீ உள்ள இருந்தப்போ இங்க ஒரு கொடி இருந்துச்சு. அதுக்குப் பேரு தொப்புள்கொடி. அம்மா சாப்பிட்டதுல இருக்குற சத்து, ரத்தத்துல கலந்து அந்தக் கொடி வழியா உனக்கு வந்துச்சு. மூச்சுக்காத்தும் அது வழியாத்தான் வந்துச்சு. நீ பொறந்ததும் கொடியை அறுத்துட்டாங்க. உனக்கு வலிக்கல. அதோட அடையாளம்தான் இந்தத் தொப்புள்."

கொடியில் வலி தெரியும் நரம்பு கிடையாது. அதனால் அறுக்கும்போது தாய்க்கும் வலிக்காது, சேய்க்கும் வலிக்காது. குழந்தையிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சக் கொடி ஒன்று இரண்டு வாரத்தில் காய்ந்து தானே விழுந்துவிடும்.

இங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். தொப்புள்கொடியின் இன்னொரு முனை கருப்பைச் சுவரோடு ஒட்டியிருக்கும் சதையில் சேரும். பிரசவத்துக்குப் பிறகு அந்தச் சதையும் வெளியே வரும். அதைப் பெரியவர்கள் "நஞ்சு" என்பார்கள். நஞ்சு என்றால் விஷம் என்று குழந்தை பயந்துபோகும். உண்மையில் அது விஷம் இல்லை. ஒன்பது மாதமும் பாப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்தது அதுதான். சின்னக் குழந்தையிடம் பேசும்போது கொடியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எப்படி வெளியே வரும்?

சில நாள் கழித்து இந்தக் கேள்வி வந்தது. "பாப்பா எப்படி அம்மா வெளியே வரும்? வாய் வழியாவா?"

பல குழந்தைகள் மலம் போகும் வழியாகப் பாப்பா வரும் என்று நினைக்கும். சில குழந்தைகள் தொப்புள் திறக்கும் என்று நினைக்கும். இரண்டும் இல்லை. அம்மா சொன்னாள்:

"பொண்ணுங்க உடம்புல, ஒண்ணுக்குப் போற இடத்துக்கும் வெளிக்குப் போற இடத்துக்கும் நடுவுல இன்னொரு வழி இருக்குது. அது பாப்பா வர்ற வழி. நேரம் வந்ததும் கருப்பை பாப்பாவை மெதுவாத் தள்ளும். அந்த வழி விரிஞ்சு குடுக்கும். பாப்பா வெளிய வரும்."

"வலிக்குமா?"

"வலிக்கும் கண்ணு. அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டரும் நர்ஸும் பாத்துக்குவாங்க. அப்புறம் வலி போயிடும்."

வலி இல்லை என்று அம்மா பொய் சொல்லவில்லை. நாளைக்கு அம்மா வலியில் கத்துவது குழந்தையின் காதில் விழலாம். அப்போது முன்பு சொன்னது பொய் என்று தெரிந்தால், "அம்மா வந்துடுவேன்" என்று சொன்னதையும் குழந்தை நம்பாது.

ஆபரேஷன் பண்ணிக் குழந்தை எடுப்பதும் இப்போது பல வீடுகளில் நடக்கிறது. அப்படிப் பிறந்த குழந்தை கேட்டால் அதையும் நேராகச் சொல்லலாம். "நீ அந்த வழியா வர முடியல. அதனால டாக்டர் அம்மாவுக்கு வலி தெரியாம மருந்து குடுத்து, வயித்துக்குக் கீழ சின்னதா அறுத்து, உன்னை எடுத்துட்டு, தையல் போட்டாங்க." கிழித்தார்கள் என்ற சொல் வேண்டாம். தழும்பைக் காட்டலாம். ஆறிப்போன தழும்பைப் பார்த்தால் குழந்தைக்குப் பயம் போகும்.

பறவையைக் காட்டலாமா?

சூளூர்பேட்டையில் இருந்து நாயுடுபேட்டை போகும் வழியில் நேலப்பட்டு இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே கூழைக்கடாக்கள் வந்து கூடு கட்டும். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு இருக்கும். முட்டையை அப்பா பறவையும் அம்மா பறவையும் மாறி மாறி அடை காக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு வரும். இரண்டும் சேர்ந்து மீன் கொண்டுவந்து ஊட்டும்.

இதைக் குழந்தைக்குக் காட்டுவது நல்லது. வீட்டில் ஆடு குட்டி போடுவதையும், பசு கன்று போடுவதையும் மறைக்க வேண்டாம். எல்லா உயிரும் குட்டியை உண்டாக்குகிறது என்று குழந்தை கண்ணால் பார்க்கும்.

ஆனால் பறவையோடு நிறுத்திவிடக் கூடாது. முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வில், ஒரு சின்னக் குழந்தை படப் புத்தகத்தில் வாத்துக் கதையைப் பார்த்திருந்தது. பாப்பா வேண்டும் என்றால் முதலில் ஒரு வாத்து வாங்க வேண்டும் என்று சொன்னது! பறவைக் கதையை மட்டும் கேட்ட குழந்தை, அம்மா முட்டை போடுவாள், மேலே உட்கார்ந்துகொள்வாள் என்று நினைக்கும். அதனால் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டும். "கூழைக்கடா குஞ்சு முட்டைக்குள்ள, வெளிய வளரும். மனுஷப் பாப்பாவும் ஆட்டுக்குட்டியும் அம்மாவுக்குள்ளயே வளரும்."

விதையும் நிலமும்

அடுத்த கேள்விதான் பெரியவர்களைப் பயமுறுத்தும் கேள்வி. "பாப்பா உள்ள எப்படிப் போச்சு?"

விவசாயம் செய்கிற ஊர் ஆனதால், "அப்பா விதை போட்டார், அம்மா நிலம்" என்று சொல்ல வாய் வரும். இதில் இரண்டு தப்பு இருக்கிறது.

ஒன்று, குழந்தை விதை என்றால் வேர்க்கடலை என்று நினைக்கும். மண் எங்கே என்று கேட்கும். யார் விழுங்கினார்கள் என்று கேட்கும்.

இரண்டு, அது உண்மையே இல்லை. நிலம் விதைக்கு இடமும் தண்ணீரும் சத்தும் தருகிறது. விதை வேறு இடத்தில் இருந்து வருகிறது. பாப்பா விஷயத்தில் அப்படி இல்லை. பாதி அம்மாவிடம் இருந்து வருகிறது, பாதி அப்பாவிடம் இருந்து வருகிறது. அம்மாவின் உடம்பில் கருமுட்டை இருக்கிறது. கூரான பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வையுங்கள். கருமுட்டை அதைவிடச் சின்னது. அப்பாவின் உடம்பில் விந்தணு இருக்கிறது. அது கண்ணுக்கே தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் கரு. அதனால்தான் ஒரே குழந்தைக்கு அம்மாவின் மூக்கும் அப்பாவின் காதும் இருக்கிறது.

வயதுக்கு ஏற்றபடி இதை எப்படிச் சொல்வது? ஐந்து வயதுக் குழந்தைக்கு அம்மா சொன்னது இது: "அம்மா உடம்புல ரொம்பச் சின்ன முட்டை ஒண்ணு இருந்துச்சு. கோழி முட்டை மாதிரி இல்ல. புள்ளியைவிடச் சின்னது. நைனா உடம்புல இருந்து இன்னொரு சின்ன அணு வந்துச்சு. ரெண்டும் ஒண்ணாச் சேந்துச்சு. அது வளந்து வளந்து நீ ஆயிட்டே."

பெரும்பாலான ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு இது போதும். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 2018ஆம் ஆண்டு ஆசிரியர்களுக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதிலும் ஐந்து முதல் எட்டு வயதுக்குள் இவ்வளவு தெரிந்திருக்கலாம் என்றுதான் இருக்கிறது. முட்டையும் விந்தணுவும் சேர்ந்து, கருப்பையில் தங்கி, கரு தொடங்குகிறது என்பதுதான் அது.

எட்டு, ஒன்பது வயதில் சில குழந்தைகள் விடாமல் கேட்கும். "நைனா உடம்புல இருந்து எப்படி வரும்?" அப்போதும் பொய் வேண்டாம். "பெரியவங்க ஆகி, ரெண்டு பேரும் விரும்பி உடம்போட உடம்பு சேரும்போது, ஆணோட உறுப்புல இருந்து விந்தணு பெண்ணோட உறுப்பு வழியா உள்ள போகும். இது பெரியவங்க விஷயம். குழந்தைங்ககிட்ட யாரும் இதைச் செய்யக் கூடாது." இவ்வளவு போதும். சொல்கிறவர் முகம் சாதாரணமாக இருந்தால் கேட்கிற முகமும் சாதாரணமாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் வளர்ந்த பிறகுதான் விவரமாக வருகிறது. அதற்குள் குழந்தை கைப்பேசியிலும் தெருவிலும் வேறு மாதிரி தெரிந்துகொள்ளும். வீட்டில் முதலில் கேட்ட குழந்தைக்கு அங்கே கேட்டதைச் சரிபார்க்க ஓர் இடம் இருக்கும்.

தம்பியா, தங்கச்சியா?

"உள்ள இருக்கிறது தம்பியா, தங்கச்சியா?" என்று குழந்தை கேட்டாள். "பொறந்தாத்தான் தெரியும்" என்றாள் அம்மா. அதுவும் உண்மைதான். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேன் எடுப்பவர்கள் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

பக்கத்தில் இருந்த ஆயா, "இதுவாவது பையனாப் பெத்துக் குடு" என்றாள். இங்கேதான் விதையும் நிலமும் என்ற பேச்சு ஆளைக் கொல்கிறது. பெண்ணாகப் பிறந்தால் தாயைத் திட்டுகிறார்கள். ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவைப் பொறுத்தது. விந்தணுவில் இரண்டு வகை உண்டு. எது முதலில் கருமுட்டையோடு சேருகிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆணும் பெண்ணும். அது யார் கையிலும் இல்லை. அவனும் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு, தான் வேண்டாத பிள்ளை என்ற எண்ணம் வரக் கூடாது.

உறுப்புக்குப் பேர்

கை, கால், மூக்கு என்று எல்லா உறுப்புக்கும் குழந்தைக்குப் பேர் சொல்லிக் கொடுக்கிறோம். ஜட்டிக்குள் இருக்கும் உறுப்புக்கு மட்டும் "சீ" என்கிறோம். தெருவில் அதற்கு இருக்கும் சொல் வசவுச் சொல். அதனால் அந்த இடத்தில் வலித்தாலும், யாராவது தொட்டாலும் சொல்லக் குழந்தைக்குச் சொல் இல்லை.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து, வசவு இல்லாத ஒரு சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும். அது அங்கன்வாடி டீச்சருக்கும் டாக்டருக்கும் புரிகிற சொல்லாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஆண்குறி, பெண்குறி என்ற புத்தகச் சொல்லையும் சொல்லிக் கொடுக்கலாம். குளிப்பாட்டும்போது சொன்னால் இயல்பாக இருக்கும். "குளிப்பாட்டுறதுக்கும், டாக்டர் அம்மா முன்னால பாக்கறதுக்கும் தவிர வேற யாரும் இங்க தொடக் கூடாது. தொட்டா யாரா இருந்தாலும் என்கிட்ட வந்து சொல்லு. உன்னைத் திட்ட மாட்டேன்."

குழந்தைகளைப் பாலியல் கொடுமையில் இருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012ஆம் ஆண்டு வந்தது. உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது. காசு இல்லாமல் பேசலாம். ஆனால் சட்டம் வேலை செய்ய வேண்டும் என்றால், முதலில் குழந்தை வாய் திறந்து சொல்ல வேண்டும். பாப்பா எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு அடி வாங்கிய குழந்தை, இதையும் சொல்லாது.

பஸ்ஸில் கேட்டால்?

குழந்தை இடம் பார்த்துக் கேட்காது. கூட்டமான பஸ்ஸில் கேட்கும். விருந்தாளி முன்னால் கேட்கும். அப்போது வாயைப் பொத்த வேண்டாம். "நல்ல கேள்வி கேட்டே. ராத்திரி சாப்பிட்டதும் சொல்றேன்" என்று சொல்லலாம். சொன்னபடி அன்று ராத்திரி சொல்லிவிட வேண்டும். குழந்தை மறந்திருந்தாலும், "காலையில ஒண்ணு கேட்டியே" என்று பெரியவர்களே ஆரம்பிக்க வேண்டும்.

முன்பே பொய் சொல்லியிருந்தால் என்ன செய்வது? அந்த வீட்டு ஆயா செய்தது போலச் செய்யலாம். ஒரு நாள் பேத்தியைக் கூப்பிட்டு, "ஆயா அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில விக்கல. உங்க நைனாவும் என் கருப்பையிலதான் இருந்தான்" என்றாள். குழந்தைக்கு ஒரே ஆச்சரியம். அவ்வளவு பெரிய நைனா ஆயாவுக்குள் இருந்தாரா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்?

இரண்டு மூன்று நாள் கழித்து, "பாப்பா எங்க இருக்குன்னு ஆயாவுக்குச் சொல்லு" என்று குழந்தையையே சொல்ல வையுங்கள். அது சொல்வதில் எங்கே தப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். தப்பு இருந்தால் சிரிக்க வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மறுபடி சொன்னால் போதும். ஒரே தடவையில் யாருக்கும் புரியாது. ஐந்து வயதில் சொன்னதையே ஏழு வயதில் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வேண்டி வரும்.

குழந்தை மறுபடியும் கேள்வியோடு வந்தால், சொன்ன பதில் நல்ல பதில். கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டால், பயந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இன்றைக்குச் சொன்ன எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். ஐந்து வயதில் சொன்னது பத்து வயதிலும் உண்மையாக இருக்க வேண்டும். அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் எதையும் அழிக்கத் தேவை வரக் கூடாது. "ஆஸ்பத்திரியில வாங்கினோம்" என்பதை ஒரு நாள் அழிக்க வேண்டும். "அம்மாவோட கருப்பையில வளர்ந்தே" என்பதை எப்போதும் அழிக்க வேண்டியதில்லை.

கலந்து பேசுவோம்

1. உங்கள் சின்ன வயதில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்கள்? அதை நீங்கள் எத்தனை நாள் நம்பினீர்கள்?

2. "வயித்துல பாப்பா" என்பதற்கும் "கருப்பையில பாப்பா" என்பதற்கும் குழந்தைக்கு என்ன வித்தியாசம்?

3. பாட்டி ஒன்று சொல்லி, அம்மா வேறொன்று சொன்னால் என்ன செய்யலாம்?

4. உங்கள் வீட்டுக் குழந்தை இன்று கேட்டால், முதல் வாக்கியம் என்ன சொல்வீர்கள்? எழுதிப் பாருங்கள்.